மறைவாகப் பலி கொடுக்கலாம், சாட்சி இருக்கக் கூடாது

ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு போர்வையில் ஆரம்பிப்பார்கள். நாடு இரண்டாகப் பிளக்கப் போகும் நாளில் சட்டம் ஓதும் பெரியவர் ஒருவர் தன் குடிலுக்குப் போய், மேலங்கியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்தார், எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார், நாடு பிழைத்தது. அழகான கதைதான். ஆனால் அவர் எழுந்து வந்து சொன்ன தீர்ப்பின் கடைசியில் இருக்கும் ஒரு சின்ன விதிதான் என்னை வருஷக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும், சரி. ஆனால் யாராவது பழைய தெய்வங்களுக்கு மறைவாகப் பலி கொடுக்க நினைத்தால் கொடுக்கலாம், அதைக் கண்ட சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்தால் மட்டும் தண்டனை.

இதைப் படித்ததும் 'ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எவ்வளவு சகிப்புத்தன்மை' என்று சொல்லத் தோன்றும், பலர் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த விதி மனிதர்களின் நம்பிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு காரியம் எப்போது ஊரறிந்த காரியமாகிறது, எப்போது நீதிமன்றத்துக்குள் வருகிறது என்பதைத்தான் அது பேசுகிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த நாடு எப்படி நடந்தது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஐஸ்லாந்தில் ராஜா கிடையாது. பெரும்பாலும் நார்வேயிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள், சுமார் 930ஆம் ஆண்டில் திங்வெட்லிர் என்ற எரிமலைப் பாறைச் சமவெளியில் ஒரு பொது மன்றத்தை ஏற்படுத்தினார்கள். அதன் பெயர் ஆல்திங்கி. ஒவ்வொரு கோடையிலும் இரண்டு வாரம் போல அங்கே கூடுவார்கள், கல்லும் புல்கட்டியும் வைத்து எழுப்பிய சுவர்கள்மேல் துணிக்கூரை போட்ட குடில்களில் தங்குவார்கள், வழக்குப் பேசுவார்கள், கல்யாணம் பேசுவார்கள், கடன் தீர்ப்பார்கள். கோதி என்று அழைக்கப்பட்ட தலைவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். அந்தச் சொல்லே தெய்வத்தோடு தொடர்புடைய சொல். பகுதியின் பலி விருந்தை முன்னின்று நடத்துபவரும், தன்னை அண்டிய விவசாயிகளுக்காக மன்றத்தில் நிற்பவரும் அதே ஆள்தான்.

மொத்த நாட்டுக்குமாக இருந்த ஒரே பதவி சட்டம் ஓதுபவர். சட்டம் எழுதப்படாத காலம், எழுதத் தொடங்கியது 1117இல்தான். அதுவரை மூன்று வருஷப் பதவிக்காலத்தில் வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மொத்தச் சட்டத்தையும் சட்டப்பாறையில் நின்று மனப்பாடமாக ஒப்பிப்பது அவர் வேலை. அவருக்குச் சிப்பாய்கள் இல்லை, சிறை இல்லை. நாடு முழுக்கவே காவலர் என்று யாரும் இல்லை. உன் ஆட்டை எவனாவது திருடினால் நீயே சாட்சிகளோடு போய் அவனை மன்றத்துக்கு அழைக்க வேண்டும், நீயே வழக்கு நடத்த வேண்டும், ஜெயித்தால் தீர்ப்பை நிறைவேற்றுவதும் நீயும் உன் ஆட்களும்தான். இந்த ஏற்பாடு ஓடியதற்கு ஒரே காரணம், எதிராளியும் அதே சட்டத்துக்கு உட்பட்டவன் என்று இருவரும் ஒப்புக்கொண்டதுதான்.

இனி நடந்ததற்கு வருவோம். 995இல் நார்வேக்கு ராஜாவான ஓலாஃப் டிரிக்வாசன் கிறிஸ்தவத்தை வாளோடு பரப்பியவர். அவர் ஐஸ்லாந்துக்குத் தாங்பிராண்ட் என்ற பாதிரியாரை அனுப்பினார். இந்தப் பாதிரியார் பேச்சோடு நிற்பவர் இல்லை. தன்னைக் கேலி செய்து பாட்டுக் கட்டிய இரண்டு மூன்று பேரைக் கொன்றுவிட்டார். இருந்தாலும் அவரால் சில முக்கியமான தலைவர்கள் மாறினார்கள்: கிழக்கே சீதா பகுதியின் ஹால், தெற்கே வெள்ளை கிஸ்ஸூர், அவருடைய மருமகன் ஹ்யால்டி. இந்த ஹ்யால்டிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆல்திங்கியின் சட்டப்பாறையிலேயே நின்று, தெய்வங்களைப் பார்த்துக் குரைக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஃப்ரெய்யா ஒரு பெட்டை நாய் என்றே எனக்குத் தோன்றுகிறது என்று இரண்டடிப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். ஃப்ரெய்யா காதலுக்கும் வளத்துக்கும் உரிய தேவி. தெய்வ நிந்தனை என்று ரூனொல்ஃப் என்ற கோதி வழக்குப் போட, ஹ்யால்டிக்கு மூன்று வருஷ நாடு கடத்தல் கிடைத்தது.

தாங்பிராண்ட் நார்வேக்குத் திரும்பிப் போய், அந்தத் தீவில் இந்த மதம் வேரூன்றாது என்று ராஜாவிடம் சொன்னார். ஓலாஃபுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தச் சமயம் நார்வேயில் இருந்த ஐஸ்லாந்துக்காரர்களைப் பிடித்துவைத்து, கை கால் வெட்டுவேன், கொல்லுவேன் என்று கிளம்பினார். அந்தக் கோடையில் அங்கே போய்ச் சேர்ந்த கிஸ்ஸூரும் ஹ்யால்டியும், நாங்கள் போய் இன்னொரு முறை முயன்று பார்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்து அவர்களை மீட்டார்கள். பிடிபட்டவர்களில் நாட்டின் நான்கு கால்பகுதிகளுக்கும் ஆளுக்கு ஒருவர் என்று பெரிய வீட்டுப் பிள்ளைகள் நால்வரைப் பிணையாக வைத்தார் ராஜா என்று பிற்காலக் கதைகள் சொல்கின்றன. அந்த நால்வரில் ஒருவன், ஹ்யால்டிமேல் வழக்குப் போட்ட அதே ரூனொல்ஃபின் மகன். ஆல்திங்கியில் பழைய சமயத்தார் பக்கம் நின்ற சிலருடைய மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சொல்ல வேண்டியதில்லை. அதோடு ஐஸ்லாந்தில் கப்பல் கட்டத் தகுந்த மரம் கிடையாது. நார்வேயோடு பகைத்தால் கடல் வழியே அடைபடும்.

அடுத்த கோடையில் கிஸ்ஸூர் கூட்டம் தெற்குக் கடலில் உள்ள வெஸ்ட்மன் தீவுகளில் வந்து இறங்கி ஆல்திங்கிக்குக் குதிரையில் கிளம்பியது. ஹ்யால்டி தண்டனை பெற்றவர், மன்றத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. அதனால் அவரைச் சில ஆட்களோடு வழியில் லௌகர்தாலுரில் விட்டுவிட்டார்கள். திங்வெட்லிர் ஏரிக்கரையில், வெல்லன்கட்லா என்ற இடத்துக்கு வந்தபோது, எதிரிகள் ஆயுதத்தோடு வழிமறிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. உடனே மன்றத்துக்கு ஆளனுப்பித் தங்கள் உறவுக்காரர்களையும் நண்பர்களையும் வரவழைத்தார்கள். ஹ்யால்டியும் பொறுக்காமல் வந்து சேர்ந்துகொண்டார். எல்லோருமாகச் சேர்ந்து மன்றத் திடலுக்குள் நுழைந்தபோது எதிர்ப்பக்கம் முழு ஆயுதத்தோடு திரண்டு நின்றது, கைகலப்பு நூலிழையில் தப்பியது.

மறுநாள் சட்டப்பாறையில் கிஸ்ஸூரும் ஹ்யால்டியும் பேசினார்கள். நன்றாகப் பேசினார்களாம். ஆனால் அதன் விளைவு மனமாற்றம் இல்லை. இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவராக எழுந்து, சாட்சிகளைப் பெயர் சொல்லி அழைத்து, இனி மறுபக்கத்தாரோடு எங்களுக்குப் பொதுச் சட்டம் கிடையாது என்று முறைப்படி அறிவித்துவிட்டுப் பாறையை விட்டு இறங்கினார்கள்.

இதைச் சாதாரணமாகப் படித்துத் தாண்டிவிடலாம், ஆனால் முழு நிகழ்விலும் பயங்கரமான நிமிடம் இதுதான். கிழக்குப் பள்ளத்தாக்கில் இரண்டு விவசாயிகள், ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் பழைய சமயத்தார், பக்கத்துப் பக்கத்து மேய்ச்சல் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை மாடு எல்லை தாண்டினால் சாட்சி வைத்து, அழைத்து, ஆல்திங்கியில் நஷ்டஈடு பேசி முடித்திருப்பார்கள். இன்று முதல் ஒருவர் இன்னொருவரை எந்த மன்றத்துக்கும் அழைக்க முடியாது. மாட்டுக்கு ஈடு கேட்க முடியாது என்பதோடு நிற்காது, மகனைக் கொன்றால் ரத்தப்பணமும் கேட்க முடியாது. நஷ்டஈடு என்ற வழி அடைபட்டால் மிச்சமிருப்பது பழிக்குப் பழி மட்டும்தான், அதை நிறுத்தச் சொல்ல மேலே ராஜாவும் இல்லை. சண்டையைத் தொடங்க யாரும் ஆணையிட வேண்டியதில்லை, முதல் மாடு எல்லை தாண்டினால் போதும்.

கிறிஸ்தவர்கள் சீதாவின் ஹாலிடம் போய், நீங்கள் எங்களுக்குச் சட்டம் சொல்லுங்கள் என்றார்கள். அவர் சொல்லியிருந்தால் தீவில் இரண்டு சட்டம், இரண்டு ஓதுபவர்கள், இரண்டு நாடு. ஹால் இங்கேதான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். நேராகத் தோர்கெய்ரிடம் போனார். வடக்கே லியோசவாட்னைச் சேர்ந்த கோதி, 985 முதல் சட்டம் ஓதி வருபவர், பழைய சமயத்தார். நீங்களே எல்லோருக்குமான சட்டத்தைச் சொல்லுங்கள் என்று அவரிடம் பேசி முடித்தார். இதைக் குறிக்க மூலத்தில் வரும் சொல்லுக்கு 'விலைக்கு வாங்கினார்' என்றும் பொருள், 'உடன்பாடு பேசினார்' என்றும் பொருள். பின்னால் வந்த கதை ஒன்று வெள்ளி மூன்று மார்க் என்று தொகையையே சொல்லிவிடுகிறது. அது லஞ்சமா, வேலைக்கான கூலியா, வெறும் பேச்சா என்று அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக வாதாடுகிறார்கள். பணம் கைமாறியிருந்தாலும் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் ஏற்க வேண்டும் என்ற ஆபத்தைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பதிலுக்கு, தங்கள் ஆள் சொன்ன தீர்ப்பை மறுக்க முடியாத நிலையில் எதிர்ப்பக்கம் நின்றது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் முக்கியம்.

அப்புறம்தான் போர்வை. தோர்கெய்ர் ஏன் படுத்தார்? பழைய சமயத்தில் குறி கேட்பவர்கள் இப்படி மூடிப் படுத்து வேறு உலகத்தோடு பேசுவார்கள், இது ஒரு சடங்கு என்கிறார்கள் சில அறிஞர்கள். சும்மா தனிமை தேடினார், இரு பக்கத்தாரும் வந்து காதைக் கடிக்காமல் யோசிக்க இடம் வேண்டியிருந்தது என்கிறார்கள் மற்றவர்கள். எதுவானாலும், ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தது. அந்த நேரத்தில் எத்தனை குடில்களுக்கிடையே எத்தனை பேர் போய் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சூடு தணிய அதுவே போதுமான காலம்.

மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து, எல்லோரையும் சட்டப்பாறைக்கு வரச் சொன்னார். முதலில் அவர் தீர்ப்பைச் சொல்லவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லையென்றால் நிலைமை என்னாகும் என்று பேசினார். நார்வே ராஜாவும் டென்மார்க் ராஜாவும் நெடுங்காலம் போரிட்டதையும், ராஜாக்கள் விரும்பாதபோதும் மக்களே அவர்களுக்கிடையே சமாதானம் செய்துவைத்ததையும் சொன்னார். முட்டி மோத அதிகம் துடிப்பவர்கள் கையில் முடிவை விட வேண்டாம், இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பெறும்படி நடுவில் பேசித் தீர்ப்போம், ஒரே சட்டமும் ஒரே சமயமும் வைத்துக்கொள்வோம் என்றார். சட்டத்தைக் கிழித்தால் அதோடு அமைதியையும் கிழித்துவிடுவோம் என்று முடித்தார். இதன்பின், நீங்கள் எதைச் சொன்னாலும் அதுவே சட்டம் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டன. அந்த ஒப்புதலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் வாய் திறந்து தீர்ப்பைச் சொன்னார்.

ஞானஸ்நானம் பெறாதவர்கள் எல்லோரும் பெற வேண்டும், நாடு கிறிஸ்தவ நாடு. ஆனால் பிறந்த குழந்தையை வெளியே போட்டுவிடுவது பற்றியும் குதிரை இறைச்சி உண்பது பற்றியும் பழைய சட்டமே நிற்கும். விரும்பியவர்கள் மறைவாகப் பலி கொடுக்கலாம், சாட்சி கிடைத்தால் மூன்று வருஷ நாடு கடத்தல்.

இந்த மூன்று விலக்குகளையும் ஒரே வகையாகப் பார்க்கக் கூடாது. குதிரை இறைச்சி வயிறும் தெய்வமும் கலந்த விஷயம். ஐஸ்லாந்தில் மாட்டைக் குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் வைத்து வைக்கோல் போட வேண்டும், குதிரை வெளியிலேயே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். ஏழை வீட்டுக்கு அது மலிவான இறைச்சி. இன்னொரு பக்கம், பலி விருந்தில் அண்டாவில் வெந்தது பெரும்பாலும் குதிரைதான். திருச்சபைக்கு இதன் மேல் பழைய வெறுப்பு, எட்டாம் நூற்றாண்டிலேயே போப் மூன்றாம் கிரிகோரி ஜெர்மனியில் இதை ஒழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்.

நார்வேயில் சில பத்தாண்டுகளுக்கு முன் ஹாகோன் என்ற கிறிஸ்தவ ராஜா விவசாயிகளின் பலி விருந்தில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. இறைச்சி சாப்பிடு என்றார்கள், மாட்டேன் என்றார். குழம்பாவது குடி என்றார்கள், அதுவும் மாட்டேன் என்றார். கடைசியில் குதிரைக் கொழுப்பின் ஆவி படிந்து பிசுக்கேறியிருந்த அண்டாப் பிடியில் ஒரு துணியைச் சுற்றி, அதன் மேல் வாயைத் திறந்து காட்டிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். இரு பக்கத்துக்கும் திருப்தியில்லை. ஒரு கவளம் குதிரை இறைச்சி, நீ யார் பக்கம் என்பதற்கு அடையாளமாக எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு இந்தக் கதை போதும். தோர்கெய்ரின் விலக்கு அந்த அடையாளத்தைக் கழற்றிவிட்டு அதை மறுபடி வெறும் சாப்பாடாக்கியது. சாப்பிட்டாலும் நீ கிறிஸ்தவன்தான்.

குழந்தை விஷயம் எழுதவே கஷ்டமாக இருக்கிறது. பிறந்த சிசுவின் மேல் தண்ணீர் தெளித்துப் பெயர் வைக்கும் முன், இதை வளர்க்க வேண்டாம் என்று தகப்பன் முடிவு செய்தால் வெளியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பனியும் காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெயர் வைத்த பிறகு செய்தால் கொலை, முன்னால் செய்தால் பழைய சட்டத்தில் குற்றமில்லை. வைக்கோல் அளவாகக் கிடைக்கும் நாட்டில் குளிர்காலத்துக்கு எத்தனை வாய் என்ற கணக்கு உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பை நடுநிலைத் தீர்ப்பு என்று புகழ்பவர்கள், அந்த நடுவில் கிடந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் திடலில் சிசுக்களுக்காகப் பேச ஒரு கோதியும் இல்லை.

மூன்றாவது விலக்குக்கு வருவோம். மூலத்தில் சாட்சிக்கு வரும் சொல் சாதாரணச் சொல் இல்லை. அந்த நாட்டு வழக்குகளில் இரண்டு விதமாக நிரூபிக்கலாம். ஒன்று, ஐந்து அல்லது ஒன்பது அக்கம்பக்கத்தாரை நிறுத்தி, இது உண்மையென்று நம்புகிறோம் என்று சொல்லவைப்பது. அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை, ஊர்ப் பேச்சும் ஆளைப் பற்றிய அபிப்பிராயமும் போதும். இன்னொன்று, சம்பவ இடத்தில் இருந்து கண்டு கேட்டவர் மன்றத்தில் வந்து சொல்வது. விதி சொல்வது இந்த இரண்டாவதை. அந்த வித்தியாசத்தைச் சட்டம் தெரிந்த தோர்கெய்ர் வேண்டுமென்றே வைத்தார் என்பது என் வாசிப்பு.

ஒரு வழக்கை எடுத்து ஓட்டிப் பார்ப்போம். வடக்கே ஒரு பண்ணை, குளிர்காலம் தொடங்கும் நாட்கள். குடும்பத் தலைவர் வீட்டுக்குள் ஒரு கடாவை வெட்டி, ஃப்ரெய்ர் என்ற பழைய தெய்வத்துக்கு என்று சொல்லி ரத்தத்தைத் தெளிக்கிறார், மனைவி மக்கள், இரண்டு வேலையாட்கள் கூட இருக்கிறார்கள். மூன்று மைல் தள்ளி இருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சந்தேகம் வருகிறது, அல்லது வேறு ஏதோ பகை இருக்கிறது. அவருக்காக வழக்குப் போட அரசாங்கம் கிடையாது, பாதிரியார்களே தீவில் விரல்விட்டு எண்ணும் அளவு. அவரே வசந்தத்தில் சாட்சிகளோடு போய் அழைப்பு விடுக்க வேண்டும், கோடையில் நாள் கணக்கில் குதிரை ஓட்டி ஆல்திங்கிக்குப் போக வேண்டும், அங்கே தன் கோதியின் ஆதரவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இரவில் அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் வாய் திறக்க வேண்டும். மனைவி சொல்ல மாட்டாள். அதே வீட்டில் சோறு தின்னும் வேலையாள் சொல்ல மாட்டான். வழக்குக் கூரையேறாது. சரி, யாரோ ஒருவர் சொல்லிவிட்டார் என்றே வைப்போம். தண்டனை பெரியதுதான்: சொத்துப் பறிமுதல், உயிருக்கு ஈடாக ஒரு மார்க் வெள்ளி, மூன்று வருஷம் நாட்டுக்கு வெளியே. ஆனால் மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து மறுபடி முழு மனிதனாக வாழலாம். யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற பெரிய நாடு கடத்தல் இல்லை இது. ஹ்யால்டிக்கு ஃப்ரெய்யாவை நிந்தித்ததற்குக் கிடைத்த அதே அளவு தண்டனைதான், இப்போது பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

ஆக, வீட்டுக்குள் நடப்பதைச் சட்டம் கிட்டத்தட்ட தொடவே முடியாது. பின்னே இந்த விதியால் என்ன மாறியது? வீட்டுக்கு வெளியே நடந்தது எல்லாம் மாறியது. கோதியின் மண்டபத்தில் நூறு பேர் கூடி உண்ணும் பலி விருந்தை மறைவாக நடத்த முடியாது, அங்கே வந்தவர்கள் எல்லோரும் சாட்சிகள். ஊரறியச் செய்வதுதான் அதன் உயிரே.

மீவாட்ன் ஏரிக்குப் பக்கத்தில் ஹோஃப்ஸ்டாதிர் என்ற இடத்தில் தோண்டியபோது இது கண்கூடாகத் தெரிந்தது. ஏறக்குறைய 38 மீட்டர் நீளமுள்ள மண்டபம், தீவில் கிடைத்தவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகள், கொம்போடு. கண்களுக்கு நடுவில் பலத்த அடி, கழுத்தில் வெட்டு. எலும்பின் ஒரு பக்கம் வெயிலிலும் மழையிலும் வெளிறி நைந்திருந்ததை வைத்து, வெட்டிய தலைகளை மண்டபத்தின் வெளிப்புறம் மாட்டி வைத்திருந்தார்கள், வருவோர் போவோர் எல்லோரும் பார்க்கும்படி, வருஷக்கணக்காக, என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். தோர்கெய்ரின் ஊர் அங்கிருந்து அதிக தூரமில்லை. அவரே அப்படிப்பட்ட விருந்துகளில் உட்கார்ந்திருப்பார். பதினோராம் நூற்றாண்டில் அந்த மண்டபம் கைவிடப்பட்டது, மண்டையோடுகள் இறக்கப்பட்டுப் புதைக்கப்பட்டன, அதே பண்ணையில் ஒரு சின்னத் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் வந்தன.

கோதிகள் இதில் நஷ்டப்பட்டார்களா? அதிகம் இல்லை. பலி விருந்தை நடத்திய அதே குடும்பங்கள் தங்கள் பண்ணையில் தேவாலயம் கட்டின, பாதிரியாரை வேலைக்கு வைத்தன, பிள்ளைகளையே பாதிரியார்களாக்கின. வெள்ளை கிஸ்ஸூரின் மகன் ஈஸ்லெய்ஃப் 1056இல் தீவின் முதல் பிஷப்பானார், பேரன் காலத்தில், 1097இல், தசமபாகம் என்ற வரி சட்டமாகி தேவாலயத்துக்கு உடைமைக்காரர்களான அந்தத் தலைவர்களுக்கே அதில் பங்கும் போனது. மண்டபத்திலிருந்து தேவாலயத்துக்கு அதிகாரம் இடம் மாறியது, ஆட்கள் பெரும்பாலும் மாறவில்லை. சீக்கிரம் ஒப்புக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாறியதன் முதல் அடையாளம் தண்ணீர். திரும்பிப் போகும் வழியில் ஞானஸ்நானம், ஆனால் குளிர்ந்த நீரில் இறங்க மாட்டோம் என்று பலர் அடம்பிடித்தார்களாம், அதனால் லௌகர்தாலுரில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் வைத்து நடந்தது. இன்றும் லௌகர்வாட்ன் ஏரிக்கரையில் கல் அடுக்கிய அந்தச் சின்னத் தொட்டியைக் காட்டுகிறார்கள், அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். ஞானஸ்நானத்தில் நாக்கில் உப்பு வைப்பார்கள். ரூனொல்ஃபின் முறை வந்தபோது, தன்னை நாடு கடத்திய அந்தக் கிழவரைப் பார்த்து ஹ்யால்டி, இப்போது கிழட்டுக் கோதிக்கு உப்பு மெல்லக் கற்றுத் தருகிறோம் என்றாராம். அதே வாய்தான், இந்த முறை வழக்குப் போட ஆளில்லை.

தோர்கெய்ர் ஊருக்குத் திரும்பித் தன் தெய்வச் சிலைகளை அருவியில் எறிந்தார், அதனால்தான் அது கோதாஃபோஸ், தெய்வங்களின் அருவி, என்று சுற்றுலாப் பலகைகளில் படிப்பீர்கள். இடைக்கால நூல்கள் எதிலும் இந்தக் கதை இல்லை, பிற்காலத்தில் ஒட்டியது. எனக்கு அது தோர்கெய்ரின் குணத்துக்கும் பொருந்தவில்லை. மறைவாகச் செய்துகொள் என்று ஊருக்கே வழி வைத்தவர், தன் சிலைகளை அத்தனை பேர் பார்க்க ஏன் எறிய வேண்டும்?

விலக்குகள் அதிக நாள் நிற்கவில்லை. சில வருஷங்களில் அவையும் மற்றவற்றைப் போலவே நீக்கப்பட்டன என்று ஒரே வரியில் முடிக்கிறது மூலம். 1015க்குப் பின் நார்வேயை ஆண்ட இன்னொரு ஓலாஃப், ஓலாஃப் ஹரால்ட்சன், குதிரை தின்னவும் சிசுவைப் போடவும் சட்டம் அனுமதிப்பது குறைதான் என்று அப்போது சட்டம் ஓதிய ஸ்காப்டிக்குச் செய்தி அனுப்பினார் என்று இன்னொரு நூல் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கிறிஸ்தவச் சட்டப் பகுதியில் குதிரை இறைச்சி தடை, பழைய தெய்வங்களை வணங்கினால் அதே மூன்று வருஷம்.

இதுவரை மூலம் மூலம் என்று சொல்லி வந்தேனே, அது ஆரி என்ற பாதிரியார் 1122க்கும் 1133க்கும் இடையில் எழுதிய மிகச் சின்ன நூல், ஐஸ்லாந்தர் நூல் என்று பெயர். நடந்து நூற்றிருபது வருஷம் கழித்து எழுதியது. அதை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆரி தனக்கு இதைச் சொன்னவர் தெய்ட்டுர் என்கிறார். தெய்ட்டுர் யார்? பிஷப் ஈஸ்லெய்ஃபின் மகன், அதாவது வெள்ளை கிஸ்ஸூரின் பேரன். ஜெயித்த பக்கத்தின் குடும்பக் கதையைத்தான் நாம் படிக்கிறோம். கிஸ்ஸூரும் ஹ்யால்டியும் எவ்வளவு நன்றாகப் பேசினார்கள் என்று அது பெருமைப்படுவதும், பழைய சமயத்தார் பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தைகூட இல்லாததும் அதனால்தான். தோர்கெய்ரின் பேச்சை அவர் வாயிலிருந்து வந்தபடியே வந்த சொற்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விலக்குகளை மட்டும் நான் சந்தேகப்படுவதில்லை. தன் நாடு ஞானஸ்நானம் பெற்ற கதையைச் சொல்லும் ஒரு பாதிரியார், அதில் சிசுவை வெளியே போடவும் மறைவாகப் பலி கொடுக்கவும் அனுமதி இருந்தது என்று இல்லாததைச் சேர்க்க எந்தத் தேவையும் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆரி ஏழு வயதில் ஹௌகதாலுர் பண்ணைக்கு வந்து பதினான்கு வருஷம் அங்கே வளர்ந்தார். அந்த வீட்டுப் பெரியவர் ஹால் என்று இன்னொருவர், தொண்ணூற்று நான்கு வயது வரை இருந்தவர், நல்ல ஞாபகசக்தி. தாங்பிராண்ட் தனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நினைவிருக்கிறது என்று அவர் சொல்வாராம். அப்போது அவருக்கு மூன்று வயது, ஆல்திங்கியில் சட்டம் மாறுவதற்கு ஒரு குளிர்காலம் முன்னால்.